தைலக் குப்பிக்கு வெள்ளைப் பின்னணி, தரையில் மெல்லிய நிழல்

கேள்வி: கோத்தகிரியிலிருந்து நீலகிரி தைலம் ஆன்லைனில் விற்கிறோம். 100 மிலி பழுப்புக் கண்ணாடி பாட்டில், வெள்ளை மூடி. ஜன்னல் பக்கம் சார்ட் பேப்பர் வைத்து போனில் எடுத்தால் பின்னணி நீலச் சாம்பலாக வருகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் மூடி காணாமல் போகிறது. பின்னணியை அழிக்கும் ஆப்பில் போட்டால் பாட்டில் அந்தரத்தில் தொங்குகிறது. பெரிய கடைகளில் இருப்பதுபோல் சுத்த வெள்ளையும் அடியில் மெல்லிய நிழலும் வர என்ன செய்வது? கம்ப்யூட்டரில் GIMP இருக்கிறது.

பதில்:

மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். பின்னணியைப் படம் எடுக்கும்போதே வெள்ளையாக்கப் பார்க்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தாள் வெளிர் சாம்பலாகவே இருக்கட்டும். வெள்ளையாக்குவது பிறகு, கம்ப்யூட்டரில். எடுக்கும் நேரத்தில் பத்திரப்படுத்த வேண்டியவை நிழலும் மூடியின் விளிம்பும். இந்த இரண்டும் ஒருமுறை வெளுத்துப் போனால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சாம்பலை வெள்ளையாக்குவது எளிது.

அதற்கு ஒரு நேர்த்தியான வழி உண்டு. பாட்டிலோடு ஒரு படம், பாட்டிலை எடுத்துவிட்டு அதே தாளை மட்டும் இன்னொரு படம். முதல் படத்தை இரண்டாவதால் வகுத்தால், இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும் இடமெல்லாம் வகுத்து 1 ஆகிவிடும். 1 என்றால் திரையில் 255, சுத்த வெள்ளை. தாளின் நீலச் சாயல், ஜன்னல் பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும் ஏற்றத்தாழ்வு எல்லாம் ஒரே அடியில் போய்விடும். பாட்டில் வந்ததால் தாளில் எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் குறைந்ததோ அது மட்டும் மிஞ்சும். அதுதான் நிழல். கையால் வரையாத, உண்மையான நிழல்.

முதலில் மேசையும் ஜன்னலும். வெயில் நேராக விழாத ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். வடக்குப் பார்த்தது உத்தமம். சாதாரண மேசையைவிடத் தாழ்ந்த டீப்பாய் நல்லது. வெளிச்சம் மேலிருந்து சரிந்து விழுந்தால் நிழல் பாட்டிலின் அடியிலேயே தங்கும். மேசையும் ஜன்னலும் ஒரே மட்டத்தில் இருந்தால் நிழல் நீண்டு படத்தைத் தாண்டி ஓடும். பாட்டிலுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்தள்ளி ஜன்னல் இருக்கட்டும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிடுங்கள். தேயிலைத் தோட்டத்தைப் பார்த்த ஜன்னலாக இருந்தால் இது இரட்டிப்பு அவசியம். சரிவிலிருந்து எதிரொளித்து வரும் பச்சை, ஜன்னலின் கீழ்ப்பாதி வழியாக உள்ளே வந்து கண்ணாடியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். தாளில் விழும் பச்சையை வகுத்தல் போக்கிவிடும். பாட்டிலின் பளபளப்பில் தெரியும் பச்சை போகாது. கீழ்ப்பாதியில் வேட்டியை இரண்டாக மடித்துப் போட்டால் அடங்கும்.

நிழலின் மென்மை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஜன்னல் 90 செ.மீ. அகலம், பாட்டிலிலிருந்து 60 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. பாட்டிலின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து அதன் நிழல் விழும் இடம் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலத்துக்கு அந்த நிழலின் ஓரம் கலையும். அடியிலிருந்து 1 செ.மீ. தள்ளி விழும் நிழலின் ஓரம் ஒன்றரை செ.மீ.க்குக் கலையும். 12 செ.மீ. உயரத்திலுள்ள மூடியின் நிழல் சரிவாகப் பயணித்து 17 செ.மீ. தள்ளி விழுந்தால் 25 செ.மீ.க்குக் கலையும். பாட்டிலின் அகலமே 5 செ.மீ.தான் என்பதால் மூடியின் நிழல் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். எனவே அடியில் கருமையாகவும் தெளிவாகவும் தொடங்கி, விலக விலகக் கரைந்து காணாமல் போகும் நிழல் தானாகவே கிடைக்கும். நிழல் கடுமையாக இருந்தால் மேசையை ஜன்னலுக்கு நெருக்கித் தள்ளுங்கள். மிகவும் கரைந்து நிழலே இல்லாத மாதிரி ஆனால் விலக்குங்கள். வேறு உபகரணம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

வலப்பக்கம், பாட்டிலிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். இது நிழலின் கருமையைக் குறைக்கும். நெருக்கினால் நிழல் வெளுக்கும், விலக்கினால் அடர்த்தியாகும். லேபிளின் இருண்ட பக்க எழுத்து படிக்கும்படி வந்தாலே போதும். அதற்கு மேல் நெருக்க வேண்டாம்.

மின்விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் இரண்டு நிழல் விழும். ஜன்னலின் நிழலுக்குள் பல்பின் மஞ்சள் புகுந்து அது காவி நிறமாகவும், பல்பின் நிழல் நீலமாகவும் தெரியும். அறை இருட்டாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். போன் அசையாமல் இருக்கும் வரை குறைந்த வெளிச்சம் தோஷமில்லை.

சார்ட் பேப்பர் இங்கே ஒரு தலைவலி. மழைக்காலக் குளிரும் ஈரமும் பட்டால் நெளிந்துவிடும், அந்த நெளிவில் ஒவ்வொரு மேடும் ஒரு சாம்பல் கோடாகத் தெரியும். பளபளப்பில்லாத வெள்ளை பி.வி.சி. ஷீட் நெளியாது, துடைக்கவும் செய்யலாம். 60 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளம் இருந்தால் இந்தப் பாட்டிலுக்குத் தாராளம். ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசைமேல் இறக்கி, முன்விளிம்பையும் டேப் போட்டு ஒட்டுங்கள். பாட்டிலை எடுக்கும்போது ஷீட் நகரவே கூடாது என்பதற்காகத்தான் இந்த டேப். சார்ட் பேப்பரே வைத்திருந்தால் படம் எடுக்கும் அன்று புது தாளைப் பிரித்துப் போடுங்கள். நேற்றுச் சுருட்டி வைத்தது உதவாது.

போனை ட்ரைபாடில், பாட்டிலிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வையுங்கள். நெருங்கிப் போய் எடுத்தால் மூடி பெருத்தும் அடி சிறுத்தும் வரும். தூரத்திலிருந்து 2x லென்ஸில் எடுப்பதே சரி. லென்ஸின் உயரம் மேசையிலிருந்து சுமார் 23 செ.மீ. இருந்தால் பாட்டிலை 10 டிகிரி சாய்வில் மேலிருந்து பார்ப்பதாக அமையும். இந்தச் சாய்வு தேவை. பாட்டில் மட்டத்திலேயே நேராகப் பார்த்தால் தரை என்பதே படத்தில் வராது, நிழல் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். 25 டிகிரிக்கு ஏற்றினால் மூடியின் தலை பெரிதாகித் தெரியும், லேபிள் குறுகும்.

போனில் Pro பகுதிக்குப் போய் ISO 50 அல்லது 100, WB ஒரே எண்ணில் (5500 போதும்), ஃபோகஸும் கையால் வைத்துப் பூட்டியாக வேண்டும். HDR வசதியை அணைத்தே ஆகவேண்டும். அது நிழலைத் தன்னிஷ்டத்துக்குத் தூக்கிவிடும், பாட்டிலைச் சுற்றி ஒரு வெளிறிய வளையத்தைப் போடும். அதைவிட மோசம், ஒவ்வொரு படத்தையும் அந்தந்தக் காட்சிக்கேற்ப மாற்றுவதால் இரண்டு படங்களை வகுக்கும் கணக்கே பொய்யாகிவிடும். காட்சிக்கேற்ப நிறம் கூட்டும் வசதி எது இருந்தாலும் அதையும் நிறுத்துங்கள். ஷட்டரைத் தாளின் மிக வெளிச்சமான இடம் 235-ஐ ஒட்டி வரும்படி வையுங்கள். போனில் ஹிஸ்டோகிராம் இருந்தால் வலது முனையைத் தொடாமல் ஒரு சிறு இடைவெளி விட்டு மலை முடியவேண்டும். இல்லையென்றால் தாள் உங்கள் கண்ணுக்கு ‘கொஞ்சம் அழுக்கு வெள்ளை’யாகத் தெரியும் அளவே சரி. இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள்.

இப்போது மூடி. உங்கள் மூடியின் வலப்பக்கம் நிழல் பக்கம் என்பதால் அது தானாகவே சாம்பலாகத் தெரியும். காணாமல் போவது இடப்பக்க விளிம்பு மட்டும்தான். அங்கே வெள்ளை மூடி, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாள் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. மருந்து, 3 செ.மீ. அகலமுள்ள கறுப்பு அட்டைத் துண்டு. பாட்டிலுக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால், 8 முதல் 10 செ.மீ. தள்ளி, பிறகு படத்தில் வெட்டி நீக்கப்போகும் பகுதியில் செங்குத்தாக நிறுத்துங்கள். பளபளப்பான பிளாஸ்டிக்கின் வளைந்த ஓரத்தில் அந்தக் கறுப்பு ஒரு மெல்லிய சாம்பல் கோடாக விழும். கண்ணாடியின் ஓரத்திலும் விழுந்து பாட்டிலின் வடிவத்தைக் கூர்மையாக்கும். அட்டையை ஒரு செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தித் திரையைப் பார்த்துக்கொண்டே இடத்தை முடிவு செய்யுங்கள். அகலமான அட்டை வேண்டாம். அது ஜன்னலை மறைத்து, கண்ணாடியில் விழும் நீண்ட வெளிச்சப் பட்டையை அழித்துவிடும். அந்தப் பட்டைதான் இது கண்ணாடி என்று பார்ப்பவருக்குச் சொல்வது.

பாட்டிலைத் துடைக்கும்போது லேபிள் ஓரங்களில் தைலம் கசிந்திருக்கிறதா பாருங்கள். தைலம் பசையைக் கரைத்து, மையையும் கலங்கடிக்கும். லேபிளில் எண்ணெய்த் திட்டு இருந்தால் படத்தில் அது நன்றாகத் தெரியும், எனவே புது லேபிள் ஒட்டிய பாட்டிலையே எடுங்கள். குளிர்ந்த கிடங்கிலிருந்து கொண்டுவந்த பாட்டில் அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்ததும் வியர்க்கும். அரைமணி நேரம் அறையிலேயே இருந்தபின் துடைத்தால் போதும்.

எடுக்கும் வரிசை இதுதான்: வெற்றுத் தாள், பாட்டிலோடு, மறுபடி வெற்றுத் தாள். மூன்று படம். சமவெளியில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு போதும். மலையில் மூன்றாவது கட்டாயம். வெளியே மூடுபனி ஜன்னலைத் தாண்டிப் போகும் ஒரு நிமிடத்தில் வெளிச்சம் பாதியாகும், நிறமும் நீலத்துக்குச் சாயும். கண் அதற்குப் பழகிவிடுவதால் நமக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். முன்னும் பின்னும் எடுத்த வெற்றுப் படங்கள் இரண்டும் ஒத்துப்போனால் நடுவிலுள்ள பாட்டில் படத்தை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் மூன்றையும் அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். பனி கனமாக ஒரே சீராக நிற்கும் நேரமும், அது முழுக்க விலகிய நேரமும் நல்லது. வருவதும் போவதுமாக இருக்கும் நேரம்தான் ஆகாது.

கறுப்பு அட்டை, தெர்மாகோல் இரண்டும் மூன்று படத்திலும் அதே இடத்தில் நிற்கவேண்டும். அட்டையும் தாளில் ஒரு மெல்லிய நிழலைப் போடுகிறது. வெற்றுப் படத்திலும் அது இருந்தால்தான் வகுத்தலில் கழியும். நீங்களும் ஒரே இடத்தில் நில்லுங்கள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு படத்துக்கு அருகிலும் இன்னொன்றுக்குத் தள்ளியும் நின்றால் தாளில் அதன் சாயல் மாறும். பாட்டிலை மேலே நேராகத் தூக்கி எடுங்கள், இழுக்க வேண்டாம்.

இனி GIMP. File > Open as Layers வழியாகப் பாட்டில் படத்தையும் ஒரு வெற்றுப் படத்தையும் திறங்கள். வெற்றுப் படம் மேலே இருக்கட்டும். முதலில் Image > Precision-இல் 16 bit integer என்று மாற்றிவிடுங்கள். நிழல் கரையும் இடத்தில் படிக்கட்டு போலக் கோடு விழாமல் இருக்க இது உதவும். வகுப்பதற்குமுன் ஒரு சோதனை: Color Picker-ஐ எடுத்து, Sample average-ஐப் போட்டு, எண்களை 0..255 அளவில் காட்டவைத்து, நிழல் எட்டாத ஒரு மூலையை இரண்டு படத்திலும் தொட்டுப் பாருங்கள். மூன்று நான்கு எண் வித்தியாசம் பரவாயில்லை. வெற்றுப் படம் அதிக இருட்டாக இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், இன்னொரு வெற்றுப் படத்தைப் பாருங்கள். ஏனென்றால், இருண்ட படத்தால் வகுத்தால் தாள் 255-ஐத் தாண்டி, கரையும் நிழலின் ஓரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். வெற்றுப் படம் ஒரு துளி வெளிச்சமாக இருப்பதே பாதுகாப்பு. அதை Levels-இல் சரிசெய்யலாம்.

மேல் லேயருக்கு Filters > Blur > Gaussian Blur, 10 பிக்சல். படத்தில் விழும் மணல்மணலான புள்ளிகள் இரண்டு படத்திலும் வேறு வேறு. மங்கலாக்காமல் வகுத்தால் புள்ளி இன்னும் கூடும். 50, 60 என்று போகவேண்டாம், தாளில் ஏதாவது மடிப்பு இருந்தால் அது கழியாமல் நின்றுவிடும். பிறகு அந்த லேயரின் Mode-ஐ Divide என்று மாற்றுங்கள். பின்னணி அந்த நொடியே வெள்ளையாகும்.

கணக்கில் பார்த்தால் நடப்பது இது. நிழலுக்கு வெளியே தாள் இடப்பக்கம் 236, வலப்பக்கம் 205 என்று இருந்தது. இரண்டும் தம்மைத் தாமே வகுத்து 255 ஆயின. பாட்டிலின் அடி ஓரத்தில் பாட்டில் படம் 70, வெற்றுப் படம் 215. வகுத்தால் 83, நல்ல கருமை. கொஞ்சம் தள்ளி 180-ஐ 212-ஆல் வகுத்தால் 216, மெல்லிய சாம்பல். அதற்கும் அப்பால் படிப்படியாக 255-இல் கரைகிறது.

Layer > New from Visible கொடுத்து இந்த விளைவை ஒரு தனி லேயராக எடுத்து, ‘நிழல்’ என்று பெயர் வையுங்கள். Colors > Desaturate-இல் நிறத்தை எடுத்துவிடுங்கள். நிழலில் ஒட்டியிருக்கும் நீலம், மஞ்சள் எல்லாம் போகும். பின்பு Colors > Levels-இல் Input Levels வலது முக்கோணத்தை 255-இலிருந்து 248-க்கு இழுங்கள்; 16 bit படத்தில் அளவு 100 வரை காட்டினால் 97.25-க்கு. 250, 252 என்று சிதறிக்கிடக்கும் தாளின் புள்ளிகள் சுத்த வெள்ளையாகிவிடும். 235 வரை இழுத்தால் நிழலின் ஓரம் வெட்டுப்பட்டு, தரையில் ஒரு கறை படிந்ததுபோல் ஆகும்.

இந்த லேயரில் பாட்டிலும் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். அதை அழிக்க வேண்டாம். மேலே வரப்போகும் நிறமுள்ள பாட்டில் அதன்மேல் அச்சாக உட்காரும். வெட்டிய விளிம்பில் ஒரு பிக்சல் தவறினாலும் அடியில் அதே பாட்டில்தான் இருக்கும், வெள்ளை இடைவெளி தெரியாது.

நிறமுள்ள பாட்டிலுக்கு மூலப் படத்தையே ஒருமுறை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வகுத்த படத்திலுள்ள பாட்டிலையே ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? உங்கள் மூடிதான் காரணம். வகுக்கும்போது மூடியும் வெளுத்து 255-ஐத் தொட்டுவிடும். பழுப்பு மூடியோ கறுப்பு மூடியோ என்றால் இந்த வேலையே தேவைப்படாது, வகுத்த படத்தோடு முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, சில வெள்ளைத் தாள்களில் வெளுப்பூட்டும் சாயம் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் அவை நீலமாகத் தெரியும், அப்படிப்பட்ட தாளால் வகுத்தால் லேபிள் லேசாக மஞ்சளிக்கும்.

மேல் லேயரில் Paths கருவியால் பாட்டிலைச் சுற்றிக் கோடு போடுங்கள். பாட்டில் சமச்சீரான பொருள் என்பதால் இருபது புள்ளிக்குள் முடியும். கோடு விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே போகட்டும். அதைத் தேர்வாக மாற்றி, Select > Feather 1 பிக்சல் கொடுத்து, Layer > Mask > Add Layer Mask-இல் Selection-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒரே தட்டில் தேர்வு செய்யும் கருவியை இங்கே நம்பாதீர்கள். மூடியையும் தாளையும் அதனால் பிரிக்க முடியாது, அடியில் நிழலையும் பாட்டிலையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

மாஸ்க்கைச் சேர்த்தபின் லேயரின் படத்தைச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாற்றங்கள் மாஸ்க்கில் விழும். Select > None கொடுங்கள். Levels-இல் நடுச் சாம்பலைத் தேர்வு செய்யும் துளிக்குழாயால் மூடியின் நிழல் பக்கத்தைத் தொட்டால் நீலச் சாயல் நீங்கும். பிறகு Curves-இல் நடுவை மெல்ல உயர்த்துங்கள். லேபிளின் வெள்ளை 240-ஐ ஒட்டி, மூடியின் மிக வெளிச்சமான இடம் 240-ஐத் தாண்டாமல், கறுப்பு அட்டையால் விழுந்த இடது ஓரக் கோடு 190, 200 என்று இருந்தால் மூடி வெள்ளைப் பின்னணியில் தெளிவாக நிற்கும். பின்னணியைவிட மூடி கொஞ்சம் மங்கலாக இருப்பது குறையல்ல. கண் அதை வெள்ளை என்றே ஏற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சுத்த வெள்ளை லேயரைப் போட்டு, நடுவிலிருக்கும் தேவையற்ற இரண்டு படங்களையும் கண் அடையாளத்தை அணைத்து மறைத்துவிடுங்கள். நிழல் கனமாகத் தோன்றினால் நிழல் லேயரின் Opacity-ஐ 70-க்கு இறக்குங்கள். 50-க்குக் கீழே போனால் மறுபடி பாட்டில் மிதக்க ஆரம்பிக்கும். பாட்டில் தரையில் நிற்கிறது என்று கண்ணை நம்பவைப்பது விரிந்த நிழல் அல்ல. அடியை ஒட்டி இருக்கும் அந்தக் குறுகிய கருங்கோடுதான். விரிந்த நிழலை மட்டும் வெளுக்க வேண்டுமென்றால் நிழல் லேயரில் மாஸ்க் சேர்த்து, அடிக்கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மென்மையான தூரிகையால் சாம்பல் பூசுங்கள்.

2000 பிக்சல் சதுரமாக வெட்டுவோம். அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி மூன்று நிறத்திலும் 255 ஆகவும், பொருள் சட்டத்தில் 85 சதவீதத்தை நிரப்புவதாகவும் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கில் பாட்டிலின் உயரம் 1700 பிக்சல். மேலே 110, கீழே 190 விடுங்கள். கீழே அதிகம் விடுவது நிழலுக்காக. நிழல் வலது விளிம்பைத் தொடுவதற்குள் முழுக்க வெளுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெள்ளைத் தளத்தில் படத்தின் ஓரம் ஒரு நேர்கோடாக அறுத்துத் தெரியும். விளிம்புக்கு முன் 150 பிக்சல் அகலத்தில் நிழல் லேயரின் மாஸ்க்கில் கறுப்பு வெள்ளை Gradient இழுத்தால் அது நயமாக மறைந்துவிடும்.

சுத்த வெள்ளையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 250-க்கும் 255-க்கும் திரையில் வித்தியாசம் தெரியாது. New from Visible எடுத்து, அந்த லேயரில் Levels-இன் இடது முக்கோணத்தை 250-க்கு, 100 வரையுள்ள அளவென்றால் 98-க்கு இழுங்கள். வெள்ளை அல்லாதது எல்லாம் கறுத்துத் தெரியும். பாட்டிலும் அதைச் சுற்றி நிழலின் வடிவமும் மட்டும் தெரிந்தால் சரி. மூலையில் புகை மாதிரி ஏதாவது வந்தால் அங்கே தாள் இன்னும் வெளுக்கவில்லை. Cancel கொடுத்து, அந்தச் சோதனை லேயரையும் அழித்துவிட்டு, நிழல் லேயரில் அந்த இடத்தில் வெள்ளைத் தூரிகையைப் போடுங்கள். JPEG ஆக ஏற்றும்போது தரம் 90. கீழே போனால் லேபிள் எழுத்தைச் சுற்றிக் கொசுமொய்த்தது போல் புள்ளி விழும்.

வெற்றுப் படம் எடுக்காமல் விட்ட பழைய படங்களுக்கு நிழலை வரைந்துதான் ஆகவேண்டும். அதற்கு GIMP-இல் உள்ள Drop Shadow வேண்டாம். அது பாட்டிலுக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதாக நினைத்து முழு உருவத்துக்கும் நிழல் போடும். மிதப்பு இன்னும் கூடும். பாட்டில் 1700 உயரம் என்றால் அகலம் ஏறக்குறைய 710. 10 டிகிரி சாய்வில் பார்த்தால் வட்டமான அடி 710-க்கு 120 என்ற நீள்வட்டமாகத் தெரியும். அந்த அளவில் ஒரு நீள்வட்டத்தைப் பாட்டிலுக்கு அடியில் உள்ள லேயரில், அடியோடு பொருந்த வைத்து, 4 பிக்சல் கீழிறக்கி, அடர் சாம்பல் நிரப்பி, 6 பிக்சல் மங்கலாக்கி Opacity 65 கொடுங்கள். அதற்கும் அடியில் 950-க்கு 200 அளவில் இன்னொன்று, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் 80 பிக்சல் தள்ளி, 60 பிக்சல் மங்கலாக்கி Opacity 22. மூலப் படத்தில் கண்ணாடியின் வெளிச்சப் பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை இடதில் இருக்க நிழலும் இடதில் விழுந்தால் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பொருள் எடுக்கிறீர்கள், அவற்றில் வெள்ளை மூடி இல்லாதவையும் இருக்கின்றன என்றால், அவற்றுக்கு ImageMagick என்ற மென்பொருளை நிறுவிக்கொண்டு டெர்மினலில் இந்த ஒரு வரியைக் கொடுத்தால் வகுத்தலும் Levels வேலையும் சேர்ந்தே முடியும். லினக்ஸிலும் மேக்கிலும் இப்படியே. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் அடைப்புக்குறிகளுக்கு முன்னுள்ள சாய்கோடுகளை எடுத்துவிடுங்கள்.

```
magick bottle.jpg \( blank.jpg -blur 0x5 \) -compose Divide_Src -composite -level 0,97% out.png
```

பாட்டில் படம் முதலில், வெற்றுப் படம் அடுத்து என்ற வரிசை மாறக்கூடாது. வரிசை மாறினால் பாட்டில் நின்ற இடம் அனேகமாக முழு வெள்ளையாக வரும், அதிலிருந்தே தெரிந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குமுன் எடுத்த வெற்றுப் படத்தையே கொடுங்கள். காலையில் எடுத்த ஒரே வெற்றுப் படத்தால் மதியம் எடுத்ததை வகுத்தால் பாதிப் படங்களில் பின்னணி ஒரு பக்கம் சாம்பலாக நிற்கும்.